குப்பைக் குழியும் மழைநீர்க் குழியும் ஒரே மூலையில் வேண்டாம்: எங்கள் குடியிருப்போர் சங்கத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்களுக்கு,

மழைநீர் சேமிப்பையும் குப்பை பிரித்தலையும் ஜூன் 1 முதல் கட்டாயமாக்கி, மீறும் வீடுகளுக்கு அபராதமும் விதித்துச் சங்கம் வெளியிட்டுள்ள அறிவிப்பைப் படித்தேன். மாசி பிறக்கும்போதே கிணறுகள் வற்றி லாரித் தண்ணீருக்குக் கைநீட்ட வேண்டியிருக்கிறது என்பதும், வாய்க்கால் ஓரத்தில் நம் குப்பை குவிவதால் பஞ்சாயத்து எச்சரித்திருக்கிறது என்பதும் அறிவிப்பில் சொல்லப்பட்ட காரணங்கள். இரண்டும் உண்மை. ஆனால் அந்தக் காரணங்களுக்காக நீங்கள் வகுத்திருக்கும் வழிமுறையை அப்படியே செய்தால் கிணற்றில் தண்ணீர் ஏறாது. இருக்கிற தண்ணீரும் கெட்டுப்போகும். நீர்ப்பாசனப் பிரிவில் ஓவர்சியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், இதே வரிசையில் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் குடும்பத்தவன் என்ற முறையிலும் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் இயலவில்லை.

ஒவ்வொரு வீட்டின் பின்புறத்திலும் மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் குழி வெட்டி ஜல்லி நிரப்பி மொட்டை மாடித் தண்ணீரை அதில் விட வேண்டும் என்கிறது அறிவிப்பு. அதை ஒட்டியே அதே அளவில் இன்னொரு குழி வெட்டிச் சமையலறைக் கழிவை அதில் போட்டு மண் தூவ வேண்டும் என்றும், குழந்தைகளின் டயபரையும் பெண்களின் நாப்கினையும் அவரவர் வளவிலேயே எரித்துவிட வேண்டும் என்றும், தெருச் சாக்கடையில் ஓடும் மழைநீரை நுழைவாயில் அருகில் வற்றிக் கிடக்கும் பொதுப் போர்வெல்லில் திருப்பிவிடச் சங்கம் ஏற்பாடு செய்யும் என்றும் அடுத்தடுத்த பிரிவுகள் கூறுகின்றன. இவற்றை எழுதியவர்கள் தண்ணீரையும் குப்பையையும் தொடர்பில்லாத இரண்டு வேலைகளாக எண்ணியிருக்கிறார்கள். ஐந்து சென்ட் மனையில் இரண்டும் ஒரே மண்ணுக்குள்தான் இறங்குகின்றன.

முதலில் அந்த மூன்றடிக் குழியைப் பார்ப்போம். நம் வீடுகளில் பெரும்பாலானவற்றின் மேற்கூரை ஏறக்குறைய ஆயிரம் சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர். ஐப்பசியில் இடியுடன் இறங்கும் மழை ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டர் பெய்வது இங்கே அபூர்வம் அல்ல. தளம் உறிஞ்சுவதும் சிதறுவதும் போக அந்த ஒரு மணி நேரத்தில் கூரையிலிருந்து சுமார் 2,370 லிட்டர், நிமிடத்திற்கு 40 லிட்டர் தண்ணீர் குழாயில் இறங்கும். மூன்றடிக் குழியின் மொத்தக் கொள்ளளவு 764 லிட்டர்தான். அதில் ஜல்லியை நிரப்பிவிட்டால் கற்களுக்கு இடையில் தண்ணீருக்கு மிஞ்சும் இடம் நாற்பது விழுக்காடு, அதாவது 300 லிட்டர். ஏழெட்டு நிமிடத்தில் குழி நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வரும் தண்ணீர் முழுவதும் வழிந்து சாக்கடைக்கே போகும்.

நிரம்பிய தண்ணீர் விரைவில் மண்ணுக்குள் இறங்குமானால் குழி சிறியதாக இருப்பது பெரிய குறையாகாது. ஆனால் நம் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வடகரப்பதி, எருத்தேன்பதி வரை பரவிக் கிடக்கும் கரிசல் மண்ணைப் பற்றி இங்கே உழுதவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்திருக்கும் அந்த மண், முதல் மழையில் தண்ணீர் குடித்து உப்பி, வெடிப்புகளை மூடிக்கொள்ளும். அதன் பிறகு மணிக்கு ஐந்து மில்லிமீட்டர் இறங்கினாலே அதிகம். குழியின் அடிப்பகுதியையும் நான்கு பக்கச் சுவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் மணிக்கு இருபது லிட்டர் அளவே உறிஞ்சும். 300 லிட்டர் வடிய அரை நாளுக்கு மேலாகும். அதற்குள் அடுத்த மழை வந்துவிட்டால் குழி வெறும் கொசுத் தொட்டிதான்.

நம் இரண்டாம் தெருவின் கோடியில் உள்ள வீட்டில் சில ஆண்டுகளுக்கு முன்பே இப்படியொரு குழியை வெட்டினார்கள். சமையலறைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, நீங்கள் இப்போது சொல்லும் அதே அளவில். மழைக்காலத்தில் குழியைச் சுற்றி மண் உப்பியது, கோடையில் சுருங்கியது, இப்போது சன்னல் மூலையிலிருந்து அடித்தளம் வரை சாய்வாக ஒரு விரிசல் ஓடுகிறது. அந்த வீட்டு அம்மா அதில் சிமெண்டைப் பூசி மறைத்திருக்கிறார். ஒவ்வொரு கோடையிலும் அது மறுபடி வாய் திறக்கிறது. கரிசல் மண்ணில் அஸ்திவாரத்தை ஒட்டித் தண்ணீரைத் தேக்கினால் நேர்வது இதுதான். சங்கச் செயற்குழுவில் யாரேனும் அந்தச் சுவரைப் போய்ப் பார்த்துவிட்டு இந்த அளவை முடிவு செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மழைநீரைச் சேமிக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. மனைக்கு மனை மண் வேறுபடும். குழி வெட்டுவதற்கு முன் மண்ணைச் சோதித்துப் பார்க்கச் செலவே இல்லை: ஒரு அடி அகலமும் ஒரு அடி ஆழமும் உள்ள சிறு பள்ளம் தோண்டி, இரவில் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, காலையில் மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் தண்ணீர் எத்தனை விரல் இறங்குகிறது என்று ஒரு குச்சியில் குறித்துக்கொண்டால் போதும். இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்கினால் அங்கே குழி வேலை செய்யும். ஒரு விரல்கூட இறங்காவிட்டால், குழியின் நடுவில் அரையடி அகலத்தில் கரிசலையும் அதன் அடியில் உள்ள சுக்கான் கல்லையும் துளைத்துச் சரளை தட்டும் வரை துளையிட்டு, அதில் கூழாங்கல் நிரப்பினால்தான் தண்ணீர் கீழே போக வழி கிடைக்கும். இதற்கு மண் துளைக்கும் ஆட்கள் தேவை, செலவும் உண்டு. எல்லா வீட்டிற்கும் ஒரே அளவு என்று ஒரு வரியில் எழுதிவிடக்கூடிய காரியம் அல்ல.

நம்மிடம் ஏற்கெனவே வெட்டப்பட்ட குழி ஒன்று வீட்டுக்கு வீடு இருக்கிறது. அது கிணறு. கரிசலையும் சுக்கானையும் தாண்டிச் சரளைக்கும் பாறை வெடிப்புக்கும் இறங்கி நிற்கும் உறைகிணற்றை விட்டுவிட்டு, மேல்மண்ணில் மூன்றடி தோண்டச் சொல்வது எனக்குப் புரியவில்லை. கூரைத் தண்ணீரைத் திறந்த கிணற்றுக்கே கொண்டு சேர்க்கும் 'மழைப்பொலிமா' திட்டம் திருச்சூர் மாவட்டத்தில் 2008 முதல் நடந்து வருகிறது. அது நமக்குப் பக்கத்து மாவட்டம்தான். ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் சதுர அடிக் கூரை ஒன்று ஏறக்குறைய 74,000 லிட்டர் தரும். அவ்வளவும் கிணற்றிலேயே நிற்காது. பக்கவாட்டில் பரவி நிலத்தைச் சேரும். பாறைக்குள்ளிருந்து வரும் நம் தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதல் என்பதும், இங்கே பல பிள்ளைகளின் பற்களில் காணும் கறைக்கு அது காரணம் என்பதும் நீங்கள் அறிந்தவையே. கிணற்றில் மழைநீர் கலந்தால் அந்த அளவும் குறையும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் நீர் நெருக்கடி மிகுந்த இடமாகப் பல முறை குறித்திருக்கும் சித்தூர் வட்டாரத்தில் இதைவிடப் பயனுள்ள வேலை வேறில்லை.

கிணற்றில் விடுவதானால் தண்ணீர் சுத்தமாக இருந்தாக வேண்டும். முதல் மழை கூரையில் கிடக்கும் தூசியையும் காக்கை எச்சத்தையும் வாரிக்கொண்டு வருவதால் அதை வெளியே விட்டுவிட வேண்டும். இதற்கு மூன்றடி நீளத்தில் மூடிபோட்ட குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்தினால் போதும் என்று அறிவிப்பில் இருக்கிறது. நான்கு அங்குலக் குழாய் மூன்றடிக்கு எட்டு லிட்டர்கூடக் கொள்ளாது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் முதல் ஒரு மில்லிமீட்டர் மழையை மட்டும் ஒதுக்குவதற்கே தொண்ணூறு லிட்டருக்கு மேல் இடம் வேண்டும். இருநூறு லிட்டர் பீப்பாய் ஒன்று இதற்குப் பொருந்தும். அல்லது பருவத்தின் முதல் இரண்டு மூன்று மழைகளுக்குக் கிணற்றுக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, கூரை கழுவப்பட்ட பிறகு மாட்டலாம். அதற்கு மேல் வடிகட்டியாக இன்னொரு பீப்பாயில் அடியில் பெரிய ஜல்லி, அதன்மேல் சிறு ஜல்லி, இடையில் நைலான் வலை, மேலே பருமணல் என்று அடுக்கி, ஆண்டுக்கு ஒரு முறை மணலை எடுத்துக் கழுவிப் போட வேண்டும். பெருமழையில் மணல் தாங்காத தண்ணீர் வழிந்து போக ஒரு போக்குக் குழாயும் தேவை. கிணற்றின் வாயை வலையால் மூடியிருக்க வேண்டும்.

இனி, இந்த மடலை எழுதத் தூண்டிய பிரிவுக்கு வருகிறேன். அறிவிப்பைக் கண்டதும் என் பக்கத்து வீட்டார் நல்ல எண்ணத்தோடுதான் தங்கள் பின்புறத்தில் சமையலறைக் கழிவுக் குழியை வெட்டினார்கள். அது எங்கள் மதிலுக்கு அப்பால் இரண்டடியில் இருக்கிறது. மதிலுக்கு இப்பால் மூன்றடியில் எங்கள் கிணறு. இடையில் பெய்த கோடைமழையில் அந்தக் குழி நிரம்பி வழிந்தது. அதற்குப் பிறகு எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனால் பழைய சோற்றுக் கஞ்சி புளித்த நெடி அடித்தது. ஹைட்ரஜன் சல்பைடு சோதனைப் புட்டி வாங்கி அதில் கோடு வரை தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஒரு நாள் கழிந்ததும் புட்டிக்குள் இருந்த பழுப்பு நிறத் தாள் கருத்து, தண்ணீரும் மையாகிவிட்டது. மலக் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதற்கு அந்தக் கருப்பே அடையாளம். அழுகல் நீரோடு கிருமி வந்ததா, எலியும் நாயும் கிளறியதால் வந்ததா, அல்லது மண்ணில் இருந்த செப்டிக் டேங்க் கசிவை வழிந்த நீர் கிணற்றுக்குத் தள்ளியதா என்பதை இந்தப் புட்டி சொல்லாது. குழி வழிந்த பிறகே கிணறு நாறியது என்பதில் மட்டும் ஐயமில்லை. பக்கத்து வீட்டாரை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் சங்கம் சொன்னதைச் செய்தார்கள்.

கேரளக் கட்டட விதிகள் குடிநீர்க் கிணற்றைச் சுற்றி 7.5 மீட்டருக்குள், அதாவது ஏறக்குறைய இருபத்தைந்து அடிக்குள், செப்டிக் டேங்கோ உறிஞ்சு குழியோ குப்பைக் குழியோ இருக்கக் கூடாது என்கின்றன. நம் மனைப் பிரிவின் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். ஒவ்வொரு மனையும் முப்பத்து மூன்றடி அகலம், அறுபத்தாறு அடி நீளம். தெற்கு பார்த்த வரிசை முழுவதிலும் வாஸ்து பார்த்து ஈசானிய மூலையில் கிணறு தோண்டியிருக்கிறார்கள். எனவே பின்புறத்தில் முப்பத்து மூன்றடிக்கு ஒரு கிணறு வரிசையாக நிற்கிறது. அந்தப் பின்புறத்தில் எந்த இடத்தில் குழி வெட்டினாலும் அது ஏதாவது ஒரு கிணற்றுக்கு இருபத்தைந்து அடிக்குள்தான் விழும். தன் கிணற்றை விட்டு விலகிப் போனால் அடுத்த வீட்டுக் கிணற்றை நெருங்கிவிடும். ஆகவே நீங்கள் விதித்திருக்கும் சமையலறைக் குழி, அந்த வரிசையில் எந்த ஒரு வீட்டின் பின்புறத்திலும் சட்டப்படி வெட்ட முடியாதது. முடியாததைச் செய்யாததற்கு அபராதம் என்பது எந்த வகையில் நியாயம்?

பொதுப் போர்வெல்லைப் பற்றிய ஏற்பாடு இதைவிடக் கவலைக்குரியது. பாறைப் பகுதியில் போர்வெல் என்பது பாறை வெடிப்புக்கு நேராக இறங்கும் துளை. மேலிருந்து ஊறி இறங்கும் தண்ணீரை மண் வடிகட்டுவது போல அங்கே வடிகட்ட எதுவும் இல்லை. தெருச் சாக்கடையில் வண்டி கழுவும் நீரும், எண்ணெயும், வீட்டுத் துணி துவைத்த நீரும், ஆட்டுப் புழுக்கையும் சேர்ந்தே வருகின்றன. அதை உள்ளே விட்டால், அதே வெடிப்பிலிருந்து தண்ணீர் இறைக்கும் மற்ற போர்களுக்கும் அது போய்ச் சேரக்கூடும். கலங்கல் படிந்து வெடிப்பு ஒருமுறை அடைபட்டுவிட்டால் அதைத் திறப்பதும் எளிதல்ல. அந்தப் போரைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமானால், அருகில் உள்ள சங்கக் கட்டடத்தின் கூரைத் தண்ணீரை மட்டும் வடிகட்டித் தாருங்கள். தெருத் தண்ணீருக்கு அந்த வாயை மூடிவிடுங்கள்.

குப்பை பிரிக்கும் விதியில் பெரும்பகுதி நல்லது. உலர்ந்த கழிவைக் கழுவிக் காயவைத்து, வீடு வீடாக வந்து எடுத்துச் செல்லும் ஹரித கர்ம சேனைக்குக் கொடுப்பதில் எவருக்கும் சிரமமில்லை. எங்கள் வீட்டில் பால் கவர்களைக் கத்தரித்து அலசித் துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டுகிறோம், ஈரமில்லாததால் சேனைப் பெண்கள் மறுப்பின்றி எடுத்துக்கொள்கிறார்கள். சமையலறைக் கழிவுக்குக் குழிக்குப் பதிலாக மூடியும் துளையும் உள்ள அடுக்கு வாளிகளே பொருத்தம். இங்கே பயோ பின் என்று பெயர்பெற்ற அவற்றில் அன்றன்றைய கழிவின் மேல் நுண்ணுயிர் கலந்த தென்னை நார்க்கழிவு ஒரு கைப்பிடி தூவி மூடினால் போதும். வாளி நிறைந்ததும் எடுத்து வைத்துவிட்டு அடுத்த வாளியைப் பயன்படுத்தலாம். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். இன்னும் சிறிது நார்க்கழிவு போட வேண்டும். அடியில் வடியும் நீரைத் தண்ணீர் சேர்த்துச் செடிக்கு விடலாம். மண்ணோடு தொடர்பே இல்லாததால் கிணற்றுக்கு ஆபத்தில்லை.

டயபரையும் நாப்கினையும் எரிக்கச் சொன்னதை மட்டும் உடனடியாக நீக்க வேண்டும். அவற்றில் பெரும்பகுதி பிளாஸ்டிக். ஈரமான அவை கரிந்து புகைந்து கிடக்குமே தவிர எரிந்து தீராது; அந்தப் புகை மதில் தாண்டிப் படுக்கையில் இருக்கும் முதியவர்களின் அறைக்குள் போகும். பிளாஸ்டிக் எரிப்பது கேரளத்தில் தண்டனைக்குரியது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இவற்றைத் தனியே பொதிந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவற்றை எடுத்துச் செல்ல என்ன ஏற்பாடு என்பதைப் பஞ்சாயத்திடம் கேட்டுச் சொல்வது சங்கத்தின் கடமை. வீட்டுக்காரர்களின் தலையில் கட்டிவிடக் கூடாது.

இவ்வளவு நுணுக்கமான விதிகளை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வெளியிட்டிருக்கிறீர்கள். நம் தெருக்களில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த குடும்பங்கள் ஏராளம். லைன் வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு அறிவிப்பில் என்ன இருக்கிறது என்பதே வாய்வழியாகத்தான் தெரியும். படிக்க முடியாத விதிக்கு அபராதம் வசூலிக்கப் போவதாகவும் சொல்கிறீர்கள்.

ஆகவே கேட்டுக்கொள்வது இவை. சமையலறைக் கழிவுக் குழியையும் வளவில் எரிப்பதையும் சொல்லும் பிரிவுகளை உடனே திரும்பப் பெற்று, ஏற்கெனவே வெட்டிய குழிகளை மண்ணிட்டு மூடச் சொல்லுங்கள்; குழி வெட்டியவர்களுக்கு ஆன செலவைச் சங்கம் ஏற்க வேண்டும். குழிகளுக்கு அருகில் உள்ள கிணறுகளின் தண்ணீரைச் சோதித்து முடிவை எல்லோருக்கும் தெரிவித்து, கெட்டிருக்கும் கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் போட ஆரோக்கியத் துறைக்கு எழுதுங்கள். அதுவரை எங்கள் வரிசையில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்குமாறு ஒரு வரி அறிவிப்பாவது இன்றே ஒட்டுங்கள். தெருத் தண்ணீரைப் போர்வெல்லில் விடும் திட்டத்தைக் கைவிடுங்கள். கிணறு உள்ள வீடுகள் கூரைத் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றில் சேர்ப்பதை விதியாக்கி, இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் முடிக்க மே 25ஐக் கெடுவாக வையுங்கள்; கிணறு இல்லாத வீடுகளுக்கு மட்டும் மண் சோதனைக்குப் பிறகு குழியை, அதுவும் அஸ்திவாரத்திலிருந்து விலக்கி, துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் இறுதிக்குள் அமைக்கச் சொல்லுங்கள். குப்பை பிரித்தல் தோண்டும் வேலை அல்ல என்பதால் அதை மே 1 முதலே தொடங்கலாம். முதல் மூன்று மாதம் அபராதம் வேண்டாம். திருத்திய அறிவிப்பைத் தமிழிலும் வெளியிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவைக் கூட்டுங்கள். மனைப் பிரிவின் வரைபடத்தில் எல்லாக் கிணறுகளையும் செப்டிக் டேங்குகளையும் குறித்துக் கொண்டுவர நான் ஒப்புக்கொள்கிறேன்; மண் சோதனையையும் என் மேற்பார்வையில் இலவசமாகச் செய்து தருகிறேன்.

கூட்டத்திற்கு முன் ஜூன் 1 அறிவிப்பின்படி எந்த வீட்டிலும் புதிதாகக் குழி வெட்டப்படாது என்ற உறுதியை எழுத்து மூலம் தரும்படி கேட்கிறேன்.

இப்படிக்கு,
கிணற்றுத் தண்ணீரை நம்பி வாழும் உங்கள் உறுப்பினர்களில் ஒருவன்,
கொழிஞ்சாம்பாறைப் பகுதி